மிடில் பிளாக்: கையை எங்கே வைப்பது, எப்போது எழும்புவது

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 17, உயரம் 185 செ.மீ. வாலிபாலில் இரண்டு வருடமாக அவுட்சைடில், அதாவது நெட்டின் ஓரத்திலிருந்து, அடித்துக்கொண்டிருந்தேன். இந்த சீசனில் கோச் என்னை நெட்டுக்கு நடுவில் நின்று எதிரணி அடியைத் தடுக்கும் மிடில் பிளாக்கராக மாற்றிவிட்டார். நன்றாகவே குதிக்கிறேன். ஆனாலும் பாதி நேரம் பந்து என் கைக்கும் நெட்டுக்கும் நடுவில் விழுகிறது. மீதி நேரம் நெட் டச் என்று விசில். கையை எப்படி வைக்க வேண்டும், எப்போது எழும்ப வேண்டும், நெட்டைத் தாண்டி எவ்வளவு தூரம் நீட்டலாம்?

பதில்: தம்பி, இரண்டு கோளாறுக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றுதான். குதிக்கும் விசைக்காகக் கையை இடுப்புக்குக் கீழே இறக்கி, அங்கிருந்து வீசி மேலே கொண்டுபோகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஸ்பைக் அடித்துப் பழகியவர்களிடம் இது தானாகவே வந்து நிற்கும். இடுப்பிலிருந்து கிளம்பும் கை நேராக மேலே போகாது; முன்பக்கமாக ஒரு வளைவு போட்டுத்தான் ஏறும். உங்களுக்கு முன்னால் இருப்பதோ நெட். வளைவு பெரிதாக இருந்தால் முன்கை நெட்டில் உரசும், விசில் வரும். ஒருமுறை விசில் வாங்கிய பிறகு உடம்பே பயந்து பின்னால் சாயும். அப்போது கை தலைக்கு நேர் மேலே, சில சமயம் தலைக்குப் பின்னால்கூட எழும்பி நிற்கும். அந்த இடைவெளியில்தான் பந்து வழுக்கி உங்கள் காலடியில் விழுகிறது. ஒரு ரேலியில் ஒன்று, அடுத்த ரேலியில் மற்றொன்று என்று மாறி மாறி வருவதும் இதனால்தான்.

ஆகவே கையின் கதை தரையில் நிற்கும்போதே தொடங்குகிறது. நெட்டிலிருந்து ஒரு முன்கை நீளம், அதாவது 40 முதல் 50 செ.மீ. தள்ளி நில்லுங்கள். கால்கள் தோள் அகலத்துக்கு விரிந்திருக்கட்டும், முழங்கால் லேசாக மடிந்திருக்கட்டும். உள்ளங்கைகள் நெட்டைப் பார்த்தபடி தோள் உயரத்திலோ சற்று மேலேயோ இருக்க வேண்டும். முழங்கைகள் உடம்புக்கு முன்னால் இருக்க வேண்டும், விலாவுக்குப் பக்கத்தில் அல்ல. விரல்கள் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். தலையைத் திருப்பாமலேயே இரண்டு கையும் பார்வையின் ஓரத்தில் தெரிந்தால் சரியான இடத்தில் இருக்கின்றன. இதைவிட நெருங்கி நின்றால் கை ஏறவே இடம் இருக்காது. 70, 80 செ.மீ. தள்ளி நின்றால் மேலே போகும்போதே உடம்பு முன்னால் மிதந்து போய் நெஞ்சு நெட்டில் மோதும்.

எழும்பும்போது விசை முழுவதும் முழங்காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வரட்டும். கை வீசாமல் குதித்தால் உயரம் சில செ.மீ. குறையும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம், ஏன் என்று கீழே ஒரு கணக்கு சொல்கிறேன். கை இருக்கும் இடத்திலிருந்து நெட்டுக்கு இணையாக மேலே ஏறி, நெட்டின் மேல்பட்டையைக் கடந்த உடனே எதிர்ப்பக்கம் போக வேண்டும். ‘உடனே’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். உச்சிக்குப் போனபிறகு கையை முன்னால் சாய்க்கலாம் என்று காத்திருப்பதுதான் புதிதாக வரும் பிளாக்கர்கள் அதிகம் செய்யும் தவறு. உச்சியில் இருந்து சாய்க்கும் கை மேலிருந்து கீழாக அறைவது போல வரும். மணிக்கட்டு பட்டையில் விழும். ஏறும் வழியிலேயே தாண்டிவிட்ட கை அங்கேயே நிற்கும், அதற்குப் பிறகு அசைய வேண்டிய அவசியமே இல்லை.

பெரிய ஆட்டங்களில் கையை வீசிக்கொண்டு வந்து பிளாக் போடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் வீசுவது ஓடும் திசையில், நெட்டுக்கு இணையாக. நெட்டை நோக்கி வீசுவதில்லை. அதை இப்போது தொட வேண்டாம். நேராக ஏறும் கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி, நெட்டைத் தாண்டுவதால் என்ன லாபம் என்று பார்ப்போம். டார்ச் விளக்குக்கு எதிரே கையைப் பிடித்தால் சுவரில் நிழல் விழும் அல்லவா? கையை விளக்குக்குக் கிட்டே கொண்டுபோகப் போக நிழல் பெரிதாகும். பிளாக்கும் அப்படியே. அடிப்பவர் பந்தைத் தொடும் இடம்தான் விளக்கு. உங்கள் கை மறைக்கும் தரைதான் நிழல். அடிப்பவர் நெட்டிலிருந்து 60 செ.மீ. தள்ளிப் பந்தைத் தொடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இரண்டு கையும் சேர்ந்து 45 செ.மீ. அகலம் மறைக்கின்றன. கை நெட்டுக்கு நேர் மேலே மட்டும் நின்றால், பந்தைத் தொட்ட இடத்திலிருந்து 6 மீட்டர் தூரத்தில் 4.5 மீட்டர் அகலத்துக்கு மறைப்பு விழும். அதே கை 30 செ.மீ. உள்ளே போய்விட்டால், மறைப்பு 9 மீட்டர். அதாவது கோர்ட்டின் முழு அகலம். உயரமோ கை அகலமோ கூடவில்லை, 30 செ.மீ. முன்னால் போனதற்கே இரண்டு மடங்கு கிடைக்கிறது.

உயரத்தை இழப்போமே என்று தோன்றும். உங்களை வைத்தே போட்டுப் பார்ப்போம். 185 செ.மீ. உயரமுள்ளவர் இரண்டு கையையும் தூக்கி நின்றால் விரல் நுனி சுமார் 2.40 மீட்டர் தொடும். பிளாக்குக்காக 50 செ.மீ. எழும்புகிறீர்கள் என்றால் 2.90. ஆண்கள் நெட் 2.43 மீட்டர், ஆக, விரல் நுனி நெட்டுக்கு மேலே 47 செ.மீ. தோளிலிருந்து விரல் நுனி வரை 75 செ.மீ. இருக்கும் கையை 30 டிகிரி முன்னால் சாய்த்தால் உயரத்தில் இழப்பது சுமார் 10 செ.மீ. மட்டுமே. மீதி 37 செ.மீ. பந்தின் குறுக்களவு 21 செ.மீ. இன்னும் தாராளமாகவே இருக்கிறது. 45 டிகிரிக்குச் சாய்த்தால் இழப்பு 22 செ.மீ. ஆகிவிடும், அது உங்களுக்கு அதிகம். கை வீசாததால் 5 செ.மீ. குறைந்தாலும் கணக்கு உடையாது என்பது இதிலிருந்தே தெரியும்.

கையை மட்டும் சாய்த்தால் போதாது. தோளும் கூட வர வேண்டும். தோள்பட்டையைக் காதை நோக்கித் தூக்கி, அங்கிருந்து முன்னால் தள்ளுங்கள். இந்த ஒரு அசைவில் கைக்குக் கூடுதல் நீளமும் கிடைக்கும், கைக்கும் நெட்டுக்கும் நடுவில் இருக்கும் சந்தும் அடைபடும். முன்கை பட்டையை ஒட்டியே போக வேண்டும். ஒரு பந்து நுழையும் இடம், அதாவது 21 செ.மீ., அங்கே இருக்கக் கூடாது. வயிற்றை இறுக்கி இடுப்பை லேசாக மடித்தால் கால் சற்று முன்னால் வரும், கையும் தோளும் நெட்டுக்கு மேல் நிலையாக நிற்கும். வயிறு தளர்ந்திருந்தால் பந்து மோதும் வேகத்தில் உடம்பே பின்னால் போய்விடும்.

உள்ளங்கைக்கு வருவோம். விரல்களை நன்றாக விரித்து விறைப்பாக வையுங்கள். கட்டைவிரல்கள் மேல்நோக்கி இருக்கட்டும். அவை பந்தைக் குத்துவது போல முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் விரல் பிசகும். தளர்ந்த விரலுக்கும் இதே கதிதான். இரண்டு கைக்கும் நடுவில் நான்கு விரல் அகலம் விடலாம். அதைவிடக் கூடினால் வேகமான பந்து நடுவில் பிளந்துகொண்டு போகும். ஒட்டியே வைத்தால் மறைக்கும் அகலம் வீணாகும். மணிக்கட்டு உறுதியாக, உள்ளங்கை எதிரணி கோர்ட்டின் நடுப்பகுதியைப் பார்த்துக் கீழ்நோக்கிச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். பந்தை நீங்கள் அடிக்க வேண்டியதில்லை. சரியான சாய்வில் நிற்கும் கையில் பட்டாலே பந்து அவர்கள் பக்கம் கீழே போகும். மணிக்கட்டைச் சுண்டி அடிக்கப் போனால் நேரம் ஒரு நூலிழை தவறினாலும் பந்து விரல் நுனியில் பட்டு வெளியே பறக்கும்.

நீட்டுவதற்கு விதி என்ன எல்லை வைத்திருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தூரத்துக்கு எல்லை இல்லை. எதிரணி ஆடுவதற்கு இடைஞ்சல் செய்யாதவரை கையையும் முன்கையையும் நெட்டுக்கு அப்பால் எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். ஆனால் அவர்கள் அட்டாக் அடித்து முடிக்கும்வரை அங்கே பந்தைத் தொடக் கூடாது. செட்டர் தூக்கிய பந்து நெட்டுக்கு இணையாக அடிப்பவரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போது, அது உங்கள் விரலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தாலும் விட்டுவிட வேண்டும். கை உள்ளே காத்திருக்கலாம். அடி விழுந்த பிறகுதான் தொடலாம். இன்னொன்று, பிளாக்கில் பட்ட பந்து உங்கள் அணியின் மூன்று தொடுதலில் சேராது. அதன் பிறகும் மூன்று முறை தொடலாம். முதல் தொடுதலை பிளாக் போட்ட நீங்களேகூட எடுக்கலாம். அதனால் பந்து கையில் பட்டு உங்கள் பக்கம் வந்தால் வேடிக்கை பார்க்காமல் உடனே திரும்புங்கள்.

நெட் டச் விஷயத்தில், நெட்டின் இரு ஓரத்திலும் நிற்கும் ஆண்டெனா குச்சிகளுக்கு நடுவே பந்தை ஆடும் செயலின்போது உடம்பின் எந்தப் பாகம் நெட்டில் பட்டாலும் தவறு. மேல்பட்டை மட்டுமல்ல, கீழே உள்ள வலையும் சேர்த்துத்தான். அந்தச் ‘செயல்’ எழும்புவதில் தொடங்கித் தரையிறங்குவது வரை நீளும். பந்தைத் தொடவே இல்லை, முயற்சி மட்டும்தான் செய்தேன் என்று வாதாட முடியாது. எதிரணி அடித்த பந்து நெட்டில் மோதி, அதனால் நெட் வந்து உங்கள் மீது பட்டால் மட்டும் தவறில்லை.

அடுத்தது நேரம். இதில்தான் நல்ல குதிப்பு உள்ளவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். அடிப்பவர் எழும்பும்போதே தானும் எழும்புகிறார்கள். பந்து வருகிறபோது இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். அடிப்பவர் ஓடி வந்து குதிக்கிறார், அவருக்கு 70 செ.மீ. உயரம் கிடைக்கிறது என்போம். தரையை விட்டு உச்சிக்குப் போக அவருக்கு 0.38 நொடி ஆகும். நின்ற இடத்திலிருந்து 50 செ.மீ. எழும்பும் உங்களுக்கு 0.32 நொடி போதும். இரண்டு பேரும் ஒரே கணத்தில் உச்சியில் இருக்க வேண்டுமானால்கூட நீங்கள் 0.06 நொடி பிந்தித்தான் தரையை விட வேண்டும். அவர் நெட்டிலிருந்து 2.5 மீட்டர் தள்ளி, நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் அடித்தால் பந்து நெட்டுக்கு வர இன்னும் சுமார் 0.12 நொடி. ஆக மொத்தம் 0.18 நொடி. அவர் எழும்பி, பாதி உயரம் தாண்டிய பிறகுதான் உங்கள் கால் தரையை விட வேண்டும்.

நொடியை யாரும் எண்ண முடியாது. அதனால் கண்ணுக்கு ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பந்து நெட்டிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருந்தால், அடிப்பவரின் கால் தரையை விட்டதைப் பார்த்த மறுகணமே எழும்புங்கள். பந்து இரண்டு, மூன்று மீட்டர் உள்ளே இருந்தால், அடிக்கும் கையின் முழங்கை பின்னால் போய் முன்னால் வரத் தொடங்கும்வரை காத்திருங்கள். பந்தைப் பார்த்து எழும்பினால் இந்த அடையாளம் எதுவும் தெரியாது. பந்து செட்டரின் கையை விட்டதும் அது எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், நெட்டுக்கு எவ்வளவு கிட்டே என்று ஒரு பார்வை போதும். பிறகு கண் அடிப்பவருக்குப் போய்விட வேண்டும்: ஓடி வரும் திசை, தோள் பார்க்கும் பக்கம், அடிக்கும் கை.

சிறிய தவறைப் பொறுத்துக்கொள்ளும் சலுகை உங்களுக்கு உண்டு. 50 செ.மீ. குதிப்பில் கடைசி 10 செ.மீ.க்குள் நீங்கள் ஏறி இறங்க எடுக்கும் நேரம் கிட்டத்தட்ட 0.28 நொடி. உச்சிக்கு 0.14 நொடி முன்னாலோ பின்னாலோ பந்து வந்தாலும் கை பயன்படும் உயரத்தில்தான் இருக்கும், அதாவது கை ஏற்கெனவே நெட்டைத் தாண்டி நின்றால். வீசிக்கொண்டு வரும் கைக்கு இந்தச் சலுகை இல்லை. அது சரியான இடத்தில் இருப்பது ஒரு கணம்தான்.

எல்லாம் சேர்ந்து ஓர் ஆட்டத்தில் எப்படி வரும் என்று காட்டுகிறேன். எதிரணி செட்டர் அவர்களுடைய 4ஆம் நிலைக்கு, அதாவது அவர்கள் முன்வரிசையின் இடது ஓரத்துக்கு, உயரமான பந்து தூக்குகிறார். அது உங்கள் வலது பக்கம். அங்கே உங்கள் 2ஆம் நிலை ஆட்டக்காரர் பிளாக்கின் இடத்தை முடிவு செய்து நிற்பார்; நீங்கள் போய்ச் சேர்ந்து மூட வேண்டும். செட்டரின் கையிலிருந்து 2.3 மீட்டர் உயரத்தில் கிளம்பும் பந்து 5 மீட்டர் வரை ஏறி 2.9 மீட்டரில் அடிபட்டால் சுமார் 1.4 நொடி காற்றில் இருக்கும். கோர்ட்டின் நடுவிலிருந்து நீங்கள் கடக்க வேண்டிய தூரம் 2.3 மீட்டர் அளவில் வரும்.

செட்டர் பந்தை விடுவதற்கு முன் நகராதீர்கள். ஊகத்தில் ஒரு பக்கம் சாய்ந்த மிடிலுக்கு எதிராக நல்ல செட்டர் மறுபக்கம்தான் தூக்குவார். பந்து போகும் திசை தெரிந்ததும் மூன்று எட்டு. முதலில் வலது கால், பக்கவாட்டில், அரை மீட்டர். அடுத்து இடது கால் வலது காலுக்கு முன்னால் குறுக்கே பாய்ந்து ஒரு மீட்டருக்கு மேல் போகும். வேகம் கிடைப்பது இந்த எட்டில்தான். மூன்றாவதாக வலது கால் சுற்றி வந்து பாதம் நெட்டை நோக்கித் திரும்பி ஊன்றும். அது பிரேக். இந்தப் பாதம் பக்கவாட்டைப் பார்த்தபடி ஊன்றினால் இடுப்பும் அப்படியே நிற்கும். எழும்பும்போது நீங்கள் பக்கத்து ஆட்டக்காரர் மீது மிதந்து போவீர்கள். மூன்று எட்டிலும் கை நெஞ்சுக்கு மேலேயே இருக்கட்டும். குறுக்கு எட்டில் உடம்பு ஓடும் திசைக்குத் திரும்பும், அது இயல்பு. கை மட்டும் இடுப்புக்கு இறங்கக் கூடாது.

எட்டு போட 0.8 நொடி எடுத்தாலும், பார்த்து முடிவெடுக்க கால் நொடி போனாலும், எழும்புவதற்கு முன் ஒரு சிறு இடைவெளி மிச்சமிருக்கும். அந்த இடைவெளியில் அடிப்பவரைப் பாருங்கள். உங்கள் வலது கை பக்கத்து ஆட்டக்காரரின் இடது கையோடு ஒரு பந்து நுழையாத அளவுக்குச் சேர வேண்டும். உங்கள் இடது கை குறுக்கு அடியை மறைக்கும். பிளாக்கின் வெளிக் கை அவருடையது. அந்த உள்ளங்கை கோர்ட்டுக்குள் திரும்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடிப்பவர் வேண்டுமென்றே அந்தக் கையில் அடித்துப் பந்தை வெளியே தள்ளிவிடுவார், புள்ளி அவர்களுக்கு. மறுபக்கம் நீங்கள் தனியாகப் போய் நிற்க நேரும்போது இது உங்கள் வேலையாகிவிடும், ஞாபகம் இருக்கட்டும்.

ஓர் எட்டு பிந்திவிட்டால்? பறந்து போய்ச் சேரப் பார்க்காதீர்கள். இருக்கும் இடத்திலிருந்து நேராக எழும்பி குறுக்கு அடியை மறையுங்கள். நடுவில் சந்து விழும், உண்மை. ஆனால் நேராக நிற்கும் இரண்டு பிளாக்குக்கு நடுவில் இருக்கும் சந்து பின்னால் டிஃபென்ஸில் இருப்பவருக்குத் தெளிவாகத் தெரியும், அவர் அதில் வந்து நிற்பார். மிதந்து போகும் கையால் மூடப்படும் சந்து எந்தக் கணம் திறக்கும் என்று அவருக்கும் தெரியாது.

நடுவில் வரும் குவிக் பந்துக்கு இந்தக் காத்திருப்பு எதுவும் கிடையாது. செட்டர் பந்தை விடும்போதே அடிப்பவர் காற்றில் இருப்பார். அதற்கு நீங்கள் அவரோடு சேர்ந்தே எழும்ப வேண்டும். முழங்காலை ஆழமாக மடிக்க நேரமில்லை, கணுக்காலாலும் சிறு மடிப்பாலும் கிளம்புங்கள். கை ஏற்கெனவே தோளுக்கு மேலே இருந்தால்தான் இது முடியும். எதிரணியின் பாஸ் செட்டரின் தலைக்கு நேராக, நெட்டுக்கு அருகே வந்திருந்தால் மட்டும் குவிக்குக்குத் தயாராகுங்கள். பாஸ் மூன்று மீட்டர் கோட்டுக்கு வெளியே போய்விட்டால் குவிக் வருவது அரிது. அப்போது நடு ஆட்டக்காரருக்காக எழும்பினால் ஓரத்துப் பந்துக்குப் போய்ச் சேர மாட்டீர்கள். தொடக்கத்தில் எல்லா குவிக்கையும் பிடிக்க முயல வேண்டாம். ஓரத்து பிளாக்கை ஒழுங்காக மூடும் மிடில்தான் அணிக்கு முதலில் தேவை என்பது என் கருத்து.

பயிற்சிக்கு முதல் வாரம் நெட்டை 2.10 மீட்டருக்கு இறக்கிக்கொள்ளுங்கள். நுனிக்காலில் நின்றாலே கை தாண்டும். எதிர்ப்பக்கம் ஒருவர் பந்தை இரண்டு கையாலும் பட்டைக்கு மேலே, நெட்டிலிருந்து 20 செ.மீ. உள்ளே பிடிக்கட்டும். நீங்கள் தோளைத் தூக்கித் தள்ளி, முன்கை பட்டையில் படாமல், இரண்டு உள்ளங்கையாலும் பந்தின் மேல்பாதியை அழுத்துங்கள். மூன்று விநாடி அப்படியே நிற்க முடிய வேண்டும். உருவம் சரியாக வந்த பிறகு நெட்டை முழு உயரத்துக்கு ஏற்றி, அதையே குதித்துச் செய்யுங்கள்: 8 குதிப்பு, ஒரு நிமிட ஓய்வு, மூன்று முறை. களைத்த காலோடு செய்யும் பிளாக் பயிற்சியில் கை மறுபடி இடுப்புக்கு இறங்கிவிடும். அதற்கு முன்னால் நிறுத்திவிடுங்கள். கை வீசும் பழக்கம் போகவில்லை என்றால் சுவரிலிருந்து 40 செ.மீ. தள்ளி நின்று குதித்துப் பாருங்கள். வீசினால் விரல் சுவரில் தட்டும், உடனே தெரிந்துவிடும்.

ஆட்டத்தில் என்ன தவறு நடக்கிறது என்பதைப் பந்து விழும் இடமே சொல்லும். உங்கள் காலுக்கும் நெட்டுக்கும் நடுவில் விழுந்தால் கை பின்னால் இருக்கிறது. விரலில் பட்டு உங்கள் கோர்ட்டின் பின்பகுதிக்கு மேலேறிப் போனால் பெரும்பாலும் பிந்திவிட்டீர்கள், கை இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. பந்து உங்கள் விரலுக்கு மேலே சுத்தமாகக் கடந்து, அதே நேரம் நீங்கள் இறங்குவதை உணர்ந்தால் முந்திவிட்டீர்கள். உறுதிப்படுத்திக்கொள்ள, நெட் கம்பத்துக்குப் பக்கத்திலிருந்து பட்டைக்கு நேராக ஒருவரை போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மெதுவாக ஓட்டி, அடிப்பவரின் கை பந்தைத் தொடும் அந்தப் படத்தில் நிறுத்துங்கள். உங்கள் மணிக்கட்டு பட்டைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். முன்னாலிருந்து எடுத்த வீடியோவில் இது தெரியாது.

இறங்கும்போது கையைக் கீழே வீசி இறக்காதீர்கள். முழங்கையை மடித்து, கையை வந்த வழியே பின்னிழுத்த பிறகு இறங்குங்கள். நெட் டச்சில் ஒரு பங்கு இங்கேதான் நடக்கிறது, பந்து போன பிறகு. இரண்டு காலிலும் சேர்ந்து, முழங்கால் மடிந்து இறங்குங்கள். பாதத்தின் ஒரு பகுதியாவது சென்டர் லைன் மீதோ அதற்கு நேர் மேலேயோ இருக்கும்வரை விதிப்படி தவறில்லை, ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கமே இறங்கப் பழகுங்கள். அடிப்பவரும் அதே இடத்தில்தான் இறங்குவார். அவர் பாதத்தின் மீது உங்கள் பாதம் விழுந்தால் கணுக்கால் பிசகும். முன்னால் மிதக்காமல் நேராக எழும்பியிருந்தால் எழும்பிய இடத்திலேயே இறங்குவீர்கள். ஒவ்வொரு குதிப்புக்கும் பிறகு குனிந்து உங்கள் கால் நுனிக்கும் கோட்டுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். கிளம்பியபோது இருந்ததைவிட ஒரு சாண் குறைந்திருந்தால், நிற்கும் இடத்தையோ கடைசி எட்டின் பாதத்தையோ திருத்த வேண்டும்.